டீசல் பட்ஜெட் ஏன் மீறியது?

ஒரு நூற்பாலையின் பராமரிப்புத் துறைத் தலைவர் ஜனவரி முதல் வாரத்தில் நிதிப் பிரிவுக்குக் குறிப்பு எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் டீசலுக்கு இந்த நிதியாண்டில் ஒதுக்கியது 18 லட்சம் ரூபாய். இப்போதைய வேகத்தில் போனால் மார்ச் முடிவில் அது 24,18,000 ஆகிவிடும். “மின்வெட்டு கூடிவிட்டது, டீசல் விலையும் ஏறிவிட்டது, கூடுதலாக 6,18,000 ரூபாய்க்கு ஒப்புதல் தேவை” என்று எழுதினால் குறிப்பு கேள்விகளோடு திரும்பி வரும். இரண்டு காரணமும் உண்மைதான். ஆனால் எதற்கு எவ்வளவு என்ற கணக்கு அதில் இல்லை.

பட்ஜெட் போட்டபோது 500 மணி நேர ஓட்டம், மணிக்கு 40 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்று கணித்திருந்தார்கள். லாக் புக்கையும் பில்களையும் வைத்துப் பார்த்தால், ஆண்டு முடிவில் 520 மணி நேரம், மணிக்கு 50 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் என்று வருகிறது. மொத்தம் 26,000 லிட்டர். அதற்கு விலை மூன்று ரூபாய் ஏறியதால் கூடியது 78,000. மின்வெட்டால் கூடிய 20 மணி நேரத்துக்கு, பழைய அளவிலும் பழைய விலையிலும், 72,000. மீதி 4,68,000 ரூபாய், ஜெனரேட்டர் மணிக்கு 10 லிட்டர் அதிகமாகக் குடித்ததால் வந்தது. குறிப்பில் சொல்லாமல் விட்ட காரணம்தான் முக்கால் பங்கு!

ஆலையில் புது இயந்திரங்கள் சேர்ந்து மின்சுமை கூடியிருந்தாலும் டீசல் அதிகம் போகும். அதைத் தெரிந்துகொள்ள, ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். முன்பு மூன்றரை யூனிட் கிடைத்தது, இப்போது 2.8தான் என்றால் சுமை கூடவில்லை. இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். புகை கறுப்பாக வந்தால் சந்தேகம் அங்கேதான் போகும். புகை சாதாரணமாக இருந்தால், டேங்கின் அளவுக்கோல் காட்டும் இருப்பை டீசல் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். டீசல் இன்ஜினுக்குப் போகாமல் வேறெங்கோ போயிருக்கவும் கூடும். இந்தக் கேள்வியை நிதிப் பிரிவு கட்டாயம் கேட்கும் என்பதால், துறைத் தலைவரே முன்கூட்டிச் சரிபார்த்து எழுதிவிடுவது நல்லது.

கோளாறு இன்ஜினில்தான், பழுதுபார்க்க 90,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால் குறிப்பே மாறிவிடுகிறது. மார்ச்சுக்குள் இன்னும் 130 மணி நேரம் ஓட வேண்டியிருக்கிறது. மணிக்கு 10 லிட்டர் மிச்சமானால் 1,300 லிட்டர், அதாவது 1,20,900 ரூபாய். பழுதுச் செலவையும் சேர்த்தே கேட்டாலும் தொகை 5,87,100 ஆகக் குறைகிறது. வேலை பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால் இந்த மிச்சமும் சுருங்கும். அதனால் மெக்கானிக்கின் விலைப்புள்ளியையும் வேலை முடியும் தேதியையும் குறிப்போடு இணைத்தே அனுப்ப வேண்டும்.