அன்று ஓடியது எந்த நிரல்?

ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் அல்கோ எழுதும் யாருக்கும் நடக்கக்கூடியது. காலை 10:15க்கு நிரல் ஒரு பங்கை 1,420 ரூபாய்க்கு வாங்குகிறது. 11:40க்கு விலை 1,408.50க்கு இறங்கியதும் விற்றுவிடுகிறது. மூன்று மாதம் கழித்து, பணம் போட்ட பங்காளி கணக்கைப் புரட்டிக்கொண்டே கேட்கிறார்: "ஸ்டாப்லாஸ் ஒன்றரை சதவீதம்னு சொன்னீங்களே, 1,398.70 வரைக்கும் காத்திருக்கணுமே, ஏன் முன்னாடியே வித்துச்சு?" கேள்வி நியாயமானது. அன்றைய குறைந்த விலையே 1,403தான். ஒன்றரை சதவீதம் என்றால் அந்தப் பங்கு கையில் இருந்திருக்க வேண்டும்.

நிரல் எழுதியவர் கிட்டைத் திறக்கிறார். நிரலின் ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது என்ற விவரத்தோடு அதில் பதிவாகியிருக்கிறது. அந்த வாரம் ஒரு வரிகூட மாறவில்லை. அளவுருக் கோப்பில் இருப்பதும் 1.5தான். பழைய தேதியில் நிரலைச் சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்தால் விற்கவே மாட்டேன் என்கிறது.

நடந்தது இதுதான். 10:40க்கு அவரே பதற்றத்தில் கோப்பைத் திறந்து 1.5ஐ 0.8 ஆக்கியிருந்தார். நிரல் தொடங்கும்போது மட்டுமே அந்தக் கோப்பைப் படிக்கும் என்பதால் உடனே எதுவும் ஆகவில்லை. 11:02க்கு இணைப்பு அறுந்து நிரல் தானாக மறுபடி தொடங்கியது, அப்போது 0.8ஐப் படித்துக்கொண்டது. 1,420இல் 0.8 சதவீதம் குறைந்தால் 1,408.64. அதற்குக் கீழே விலை வந்ததும் விற்றது. சாயங்காலம் அவர் கோப்பைப் பழையபடி 1.5 ஆக்கிவிட்டு, மறந்தும் போனார். புரோக்கரின் ரகசியச் சாவியும் அதே கோப்பில் இருந்ததால், கிட் அதைக் கண்காணிக்காதபடி `.gitignore` பட்டியலில் சேர்த்திருந்தார். சாவியை மறைக்கப்போய் 1.5ம் மறைந்துவிட்டது.

கிட்டில் இருக்கும் நிரல் வேறு, வட்டில் கிடக்கும் கோப்பு வேறு, அந்த நொடியில் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. பங்கை விற்றது மூன்றாவது. ஆவணமாக நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் முதலாவது மட்டும்.

இந்த இடைவெளி எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு நியூயார்க்கில் பெயர்போன ஒரு வழக்கு உண்டு. நைட் கேபிடல் நிறுவனம் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், எட்டாவது விடுபட்டது. 2003லேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட பவர் பெக் என்ற பழைய பகுதி அதில் அழிக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்கிய அதே குறியீட்டைத்தான் புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் பழைய வேலையைத் தொடங்கியது. 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரங்கள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இன்னும் கொடுமை, கோளாறைத் தேடியவர்கள் புதிய நிரல்மீது சந்தேகப்பட்டு, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். பழையது அங்கும் ஓட ஆரம்பித்தது. கோளாறு புதிய நிரலில் இல்லை, அது போய்ச் சேராத இடத்தில் இருந்தது. என் கணிப்பில், போன ஒவ்வொரு ஆர்டரிலும் அதை அனுப்பிய நிரலின் பதிப்பு எண் இருந்திருந்தால், எட்டில் ஒன்று மட்டும் வேறு என்பது முதல் சில நிமிடங்களிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே, பதிப்பை ஆர்டரோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். அதை எழுத வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் நிரலேதான், மனிதரின் ஞாபகம் அல்ல. நிரல் தொடங்கும்போது இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்ளும். முதலாவது `git rev-parse HEAD` தரும் கமிட் எண். அதுமட்டும் போதாது. கமிட் செய்யாத திருத்தம் கோப்பில் இருந்தாலும் அதே எண்தான் வரும். `git status --porcelain` வெறுமையாக இல்லையென்றால் நிஜப் பணத்தோடு ஓட மறுப்பதே நல்லது. "ஒரு வரிதானே, அப்புறம் கமிட் பண்ணிக்கலாம்" என்ற நாள்தான் பின்னால் விளங்காத நாளாகிறது.

இரண்டாவது, அளவுருக்களின் கைரேகை. சாவிகளைத் தனிக் கோப்புக்கு மாற்றிவிட்டு, நிரல் படித்து முடித்து நினைவகத்தில் வைத்திருக்கும் மதிப்புகளிலிருந்தே இதைக் கணக்கிட வேண்டும்:

```
text = json.dumps(params, sort_keys=True)
pid = hashlib.sha256(text.encode()).hexdigest()[:12]
```

`sort_keys` எதற்கென்றால், வரிசை மாறியதற்காகக் கைரேகை மாறக் கூடாது, மதிப்பு மாறினால் மட்டும் மாற வேண்டும். `text` முழுவதையும் அந்தக் கைரேகையின் பெயரிலேயே சேமித்து, பிறகு தொடாமல் விட்டுவிடலாம். ஓட்டத்தின் நடுவே மதிப்பை மாற்ற அனுமதித்தால், மாறிய கணமே புதிய கைரேகை எடுக்க வேண்டும்.

புரோக்கருக்கு அனுப்பும் ஆர்டரில் குறிப்பு எழுதும் இடம் சிறியது, சிலரிடம் 20 எழுத்துதான். அதில் ஓட்டத்தின் எண்ணை மட்டும் வைத்துவிட்டு, மற்றதை நம் பதிவேட்டில் எழுதலாம். மேலே சொன்ன விற்பனைக்கு இப்படி:

```
run=R1102 code=9f3c2ab params=e41d07c25b90
entry=1420.00 stop=1408.64 last=1408.50
```

பங்காளிக்கு இந்த இரண்டு வரியே பதில். காலையில் வாங்கிய வரியில் வேறு `params` இருக்கும், வேறு `run` இருக்கும். நடுவே ஏதோ மாறியது என்பது கேட்காமலே தெரியும். சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோ ஆர்டர்கள் பங்குச் சந்தை வழங்கும் தனி அடையாள எண்ணோடு வர வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் செபி சுற்றறிக்கை விட்டது. அந்த எண் எந்த உத்தி என்பதைச் சொல்லும். அன்றைக்கு ஸ்டாப்லாஸ் எவ்வளவு என்பதற்கு நம் பதிவேடுதான் சாட்சி.

கீழ் வரியில் விலைகளை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். நிரலும் அளவுருவும் கிடைத்தாலும் அன்று பார்த்த விலை அப்படியே திரும்பக் கிடைக்காது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தால் பழைய வரைபடம் முழுவதும் பாதி விலையில் திருத்தப்பட்டுவிடும், 1,420 அதில் 710 ஆகத் தெரியும். நிரல் ஒவ்வொரு விலை நகர்வையும் பார்த்து முடிவெடுத்திருக்கும், பின்னால் நமக்குக் கிடைப்பதோ ஐந்து நிமிட மெழுகுவர்த்திகள். அதனால் முடிவை உண்டாக்கிய எண்களை முடிவெடுத்த கணத்திலேயே பிடித்துவைக்க வேண்டும். வரும் விலை முழுவதையும் சேமிக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. பலருக்கு அது கட்டுப்படியாகாது, அப்படிப்பட்டவர்கள் இந்த ஒரு வரியையாவது விடக் கூடாது.

கமிட் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. வரலாற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று `rebase` செய்தால் பழைய கமிட் அநாதையாகி, கொஞ்ச நாளில் கிட் அதை அழித்துவிடலாம். பதிவேட்டில் `9f3c2ab` இருக்கும், கிட்டில் இருக்காது. நிஜ ஓட்டத்துக்குப் போன ஒவ்வொரு கமிட்டுக்கும் `git tag` போட்டுவைத்தால் அது அழியாது. நிரல் பயன்படுத்தும் நூலகங்களின் துல்லியமான பதிப்புகளைக் குறித்த கோப்பும் அந்தக் கமிட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, சந்தை மூடியபின் அன்றைய ஆர்டர்களில் இரண்டு மூன்றை எடுத்து, `git worktree add ../old 9f3c2ab` என்று அந்தப் பதிப்பைத் தனி அடைவில் விரித்து, சேமித்த அளவுருவையும் விலைகளையும் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அதே முடிவு வராவிட்டால், பதிவேட்டில் ஏதோ ஒரு உள்ளீடு எழுதப்படாமல் போகிறது என்று பொருள். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் முந்தைய நாளிலிருந்து நிரல் தூக்கிவந்த நிலைதான்: கையிருப்பு எண்ணிக்கை, பாதியில் நின்ற சராசரி, கடைசியாக வாங்கிய நேரம். அவற்றையும் தொடக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லி நிரலைத் திருத்திவிட்டு, மறுநாள் மாலை வேறு மூன்று ஆர்டர்களோடு சோதனையைத் தொடரலாம்.