தாளின் நடு எங்கே இருக்கிறது?

மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டில் ஸ்கேனர் கிடையாது. மேஜைமேல் வைத்து போனில் படம் எடுக்கிறோம். நேர் மேலே பிடித்தால் நம் தலையின் நிழலே தாளில் விழும் என்பதால், சற்று இப்பால் நின்று சாய்த்துப் பிடிக்கிறோம். செவ்வகமான தாள் படத்தில் சரிவகமாகிவிடுகிறது: நமக்குப் பக்கத்திலுள்ள விளிம்பு அகலம், அப்பாலுள்ள விளிம்பு குறுகல். ஸ்கேன் செய்யும் ஆப், தாளின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறு வட்டங்களை வைத்துக் காட்டுகிறது. சரியாக உட்காராததை விரலால் இழுத்து மூலையில் வைக்கிறோம். அடுத்த நொடி தாள் நிமிர்ந்துவிடுகிறது.

போனை எவ்வளவு சாய்த்துப் பிடித்தோம், எவ்வளவு உயரத்தில் பிடித்தோம் என்று ஆப் கேட்கவே இல்லை. நான்கு புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நிமிர்த்தியது?

ஒரு படத்தை எண்களோடு எடுத்துக்கொள்வோம். படத்தின் இடது மேல் மூலையிலிருந்து வலப்பக்கமாக x, கீழ்நோக்கி y என்று பிக்சல்களை எண்ணுவது வழக்கம். அந்தக் கணக்கில் நம் தாளின் இடது மேல் மூலை (300, 200), வலது மேல் மூலை (900, 200), வலது கீழ் மூலை (1100, 1000), இடது கீழ் மூலை (100, 1000). அதாவது மேல் விளிம்பு 600 பிக்சல், கீழ் விளிம்பு 1000 பிக்சல்.

முதலில் தோன்றும் யோசனை எளியது. ஒவ்வொரு கிடை வரிசையையும் பக்கவாட்டில் இழுத்து 1000 பிக்சல் ஆக்கிவிட்டால் சரிவகம் செவ்வகமாகிவிடும் அல்லவா? ஆகும். ஓரங்களும் நேராகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: மேல் வரிகள் குள்ளமாகவும் நெருக்கமாகவும், கீழ் வரிகள் உயரமாகவும் விலகியும் நிற்கும். தூரத்தில் இருப்பது அகலத்தில் மட்டும் சுருங்குவதில்லை, உயரத்திலும் சுருங்குகிறது. ஓரத்தை மட்டும் பார்த்துத் திருத்தினால் பாதி வேலைதான் நடக்கும்.

இதை ஒரே கேள்வியில் சோதித்துவிடலாம். தாளை நடுவே மடித்தால் விழும் கோடு படத்தில் எந்த உயரத்தில் இருக்கும்? 200-க்கும் 1000-க்கும் நடுவே என்று 600-ஐச் சொல்லத் தோன்றும். ஸ்கேல் வைத்து இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்து பார்ப்போம். தாளின் மூலைவிட்டங்கள் தாளின் நடுவில்தான் வெட்டிக்கொள்ளும். நேர்கோடு படத்திலும் நேர்கோடாகவே விழும் என்பதால், படத்தில் அவை வெட்டும் இடமும் அதே நடுப்புள்ளிதான். (300, 200)-லிருந்து (1100, 1000)-க்கு ஒரு கோடு, (900, 200)-லிருந்து (100, 1000)-க்கு ஒரு கோடு. இரண்டும் (600, 500)-இல் சந்திக்கின்றன. தாளின் நடு 600-இல் இல்லை, 500-இல் இருக்கிறது. தாளின் மேல்பாதிக்குப் படத்தில் 300 வரிசைகள், கீழ்ப்பாதிக்கு 500 வரிசைகள்.

இது இன்று கண்டுபிடித்த சோதனையும் அல்ல. இத்தாலியரான லியோன் பத்திஸ்தா ஆல்பர்த்தி 1435-இல் ஓவியக்கலை பற்றி எழுதிய நூலில், கட்டம் போட்ட தரையைத் தூரம் தெரியும்படி வரைவது எப்படி என்று விளக்குகிறார். வரைந்தது சரிதானா என்று பார்க்க அவர் சொல்லும் வழி மூலைவிட்டம்தான்: அடுத்தடுத்த கட்டங்களின் மூலைவிட்டங்கள் ஒரே நேர்கோட்டில் தொடர்ந்து போக வேண்டும். போகவில்லையென்றால் வரிசைகளின் இடைவெளி தப்பு.

ஆக, நமக்கு வேண்டிய சூத்திரம் நடுவை 500-இல் கொண்டுபோய் வைக்க வேண்டும். மாறாத எண்களால் பெருக்குவதும் கூட்டுவதும் மட்டும் உள்ள எந்தச் சூத்திரமும் இதைச் செய்யாது. அவை நடுவை நடுவிலேயே வைக்கும், இணைகோடுகளை இணைகோடுகளாகவே விட்டுவிடும். வேண்டியது ஒரு வகுத்தல். காரணம் கேமராவில் இருக்கிறது. ஒரு பொருள் இரண்டு மடங்கு தள்ளிப் போனால் படத்தில் பாதி அளவாகத் தெரியும். தூரத்தால் வகுப்பதே கேமராவின் வேலை. தட்டையான தாளில் மேலிருந்து கீழே நகர நகர அந்தத் தூரம் சீராக மாறுகிறது.

தாளில் ஒரு புள்ளியின் இடத்தை u, v என்போம். இடது ஓரத்தில் u = 0, வலது ஓரத்தில் 1; மேல் விளிம்பில் v = 0, கீழ் விளிம்பில் 1. மேல் விளிம்பின் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், அங்கே 600 பிக்சலாகத் தெரியும் அகலம் கீழே 1000 ஆகத் தெரிய, கீழ் விளிம்பின் தூரம் 600/1000, அதாவது 0.6 ஆக இருக்க வேண்டும். ஆகவே வகுக்கும் எண் 1-இல் தொடங்கி 0.6-க்குச் சீராக இறங்குகிறது: 1 − 0.4v. மேலே இருக்கும் தொகுதியை மூலைகளுக்குப் பொருந்தும்படி நிரப்பினால் முழுச் சூத்திரம் கிடைத்துவிடும்:

```
x = (300 + 600u − 240v) / (1 − 0.4v)
y = (200 + 400v) / (1 − 0.4v)
```

இடது கீழ் மூலையைப் போட்டுப் பாருங்கள். u = 0, v = 1. x என்பது 60/0.6 = 100; y என்பது 600/0.6 = 1000. சரியாக இருக்கிறது. இப்போது நடுக்கோடு, v = 0.5: y என்பது 400/0.8 = 500. மூலைவிட்டம் சொன்ன அதே இடம். கால்பகுதிக் கோடு 333-இலும் முக்கால்பகுதிக் கோடு 714-இலும் விழுகின்றன. சம இடைவெளியில் கோடு போட்ட தாள் படத்தில் 133, 167, 214, 286 என்று விரிந்துகொண்டே வருவதை இந்த ஒரு வகுத்தல் சொல்லிவிடுகிறது.

நம் தாள் நேராக நின்றதால் கணக்கு எளிதாயிற்று. கோணலாகக் கிடக்கும் தாளுக்கு வகுக்கும் எண்ணில் u-வும் வரும்: 1 + gu + hv. தொகுதிகளில் x-க்கு மூன்று எண்கள், y-க்கு மூன்று எண்கள், வகுப்பதில் இரண்டு, ஆக எட்டுத் தெரியாத எண்கள். ஒவ்வொரு மூலையும் x-க்கு ஒன்று, y-க்கு ஒன்று என இரண்டு சமன்பாடு தரும். நான்கு மூலைக்கு எட்டு. அதனால்தான் நான்கு, மூன்று போதாது, ஐந்து அவசியமில்லை. வகுத்தல் உள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது சிரமம் என்று தோன்றும். இரண்டு பக்கமும் வகுக்கும் எண்ணால் பெருக்கிவிட்டால், x-உம் y-உம் தெரிந்த எண்கள் என்பதால், பள்ளியில் தீர்த்த அதே ஒருபடிச் சமன்பாடுகளாகிவிடும். `OpenCV` நிரல் தொகுப்பில் `getPerspectiveTransform` என்று அழைத்தால் நடப்பது இந்த எட்டுச் சமன்பாட்டைத் தீர்க்கும் வேலைதான். நான்கில் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

எட்டு எண்கள் கையில் வந்தபின் படத்தை நிமிர்த்துவது தலைகீழாக நடக்கிறது. பழைய படத்தின் பிக்சல்களை எடுத்துப் புதிய தாளில் வைத்தால், இழுபடும் இடங்களில் ஓட்டை விழும். எனவே புதிய தாளின் ஒவ்வொரு பிக்சலும், தான் பழைய படத்தில் எங்கிருந்து வந்தது என்று மேலே உள்ள சூத்திரத்தைக் கேட்கிறது. விடை பெரும்பாலும் முழு எண்ணாக வராது. அப்போது சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் நிறத்தை அருகாமைக்கு ஏற்பக் கலந்துகொள்கிறது.

இங்கேதான் ஒரு வரம்பும் தெரிகிறது. ஏ4 தாளை 1000க்கு 1414 பிக்சலாக எடுக்கிறோம் என்றால் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் 707 வரிசைகள் வேண்டும். கீழ்ப்பாதிக்கு 500 வரிசைகள் இருந்தன, மேல்பாதிக்கு 300-தான். மேல் விளிம்பை ஒட்டிய இடத்தில் உயரவாக்கில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. தாள் நேராகிவிடும், ஆனால் தலைப்பருகே உள்ள பொடி எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். கேமரா பார்க்காத விவரத்தை எந்த வகுத்தலும் கொண்டுவராது. பதிவெண் மேலே இருக்கிறதென்றால் மேல் விளிம்பு நம் பக்கம் வரும்படி தாளைத் திருப்பி வைத்து எடுப்பது நல்லது. தலைகீழாகும் படத்தைத் திருப்பிக்கொள்வது எளிது.

மூலையை விரலால் வைக்கும்போது வரும் பிழைக்கும் இதே கதிதான். கீழ் மூலையை உயரவாக்கில் 10 பிக்சல் தள்ளி வைத்தால் தாளில் அது 2 மில்லிமீட்டர் சொச்சம். மேல் மூலையில் அதே 10 பிக்சல் 6 மில்லிமீட்டர். தூரத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்து வைப்பதில்தான் கவனம் வேண்டும்.

இந்த முறையின் விஷமமான குணம், அது ஒருபோதும் புகார் சொல்லாது என்பது. எட்டுச் சமன்பாடு, எட்டு எண்கள். மூலையைத் தப்பாக வைத்தாலும் நான்கு புள்ளிகளும் அச்சாகப் பொருந்திவிடும், மிச்சப் பிழை பூச்சியம் என்றே காட்டும். மூலைகளின் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் மட்டும் உடனே தெரியும்: வகுக்கும் எண் தாளுக்குள்ளேயே எங்கோ பூச்சியமாகி, படம் கிழிந்து முறுக்கிக்கொள்ளும். சிறிய தவறுகளைப் பிடிக்க, கணக்கில் சேர்க்காத ஒன்றைப் பார்க்க வேண்டும். அட்டவணைக் கட்டங்கள் எல்லா வரிசையிலும் ஒரே உயரமா, வட்ட முத்திரை வட்டமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். கட்டக்கோடுகள் நேராக வராமல் வளைந்தே நின்றால் குற்றம் மூலைகளில் இல்லை. தாள் மடிப்பால் புடைத்திருக்கிறது, அல்லது லென்ஸ் ஓரத்தில் வளைக்கிறது. இந்தச் சூத்திரம் தட்டையான பரப்புக்கு மட்டுமே. தைத்த புத்தகத்தின் முதுகருகே வளையும் பக்கத்தை இது நிமிர்த்தாது.

ஏ4 என்று தெரிந்ததால்தான் 1000க்கு 1414 என்று போட்டோம். அளவு தெரியாத ஒரு அறிவிப்புப் பலகையாக இருந்தால்? நான்கு மூலைகள் பலகையைச் செவ்வகமாக்கும், ஆனால் நீள அகல விகிதத்தைத் தாமாகச் சொல்லா. சதுரமாக்கச் சொன்னாலும் சம்மதிக்கும். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் வெள்ளைப் பலகைகளைப் படமெடுத்து நிமிர்த்த முயன்ற ஜெங்யூ ஜாங்கும் லி-வெய் ஹேயும் இதற்கு வழி சொன்னார்கள். பலகையின் எதிரெதிர் ஓரங்களை நீட்டினால் படத்தில் அவை சந்திக்கும் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். லென்ஸின் மையம் படத்தின் நடுவில் இருக்கிறது என்று கொண்டால், அந்த இரண்டிலிருந்து லென்ஸின் குவியத் தூரத்தையும் அதிலிருந்து விகிதத்தையும் கணக்கிடலாம்.

நம் சரிவகத்தில் இது பலிக்காது. பக்க ஓரங்கள் (600, −1000)-இல், படத்துக்கு வெளியே வெகு உயரத்தில் சந்திக்கின்றன. மேல் ஓரமும் கீழ் ஓரமும் இணையாகக் கிடப்பதால் சந்திப்பதே இல்லை. ஒழுங்காக எதிரே நின்று எடுத்த படம் இந்த விஷயத்தில் குறைவாகச் சொல்கிறது. ஒரு மூலைப்பக்கமாக நின்று நான்கு ஓரமும் கோணலாக விழும்படி எடுத்தது கூடுதலாகச் சொல்கிறது. பலகைக்குப் பக்கத்தில் போக முடியுமென்றால் இரண்டு ஓரத்தையும் டேப் வைத்து அளந்துகொள்வது இதைவிடச் சுலபம்.