பத்தொன்பது மேளங்களும் ஒரு பத்தியும்

டிசம்பர் சீசன் மலர்களிலும் இசைக் கட்டுரைகளிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும். தஞ்சை விஜயராகவ நாயக்கர் கேட்டுக்கொண்டபடி வேங்கடமகி 1620-இல் ‘சதுர்தண்டி பிரகாசிகை’ என்ற நூலை எழுதினார், கனகாங்கி முதல் ரசிகப்ரியா வரை 72 மேளகர்த்தா ராகங்களுக்கும் பெயர் சூட்டினார் என்பது அது. கட்டுரைக்குக் கட்டுரை சொற்கள் மாறும். ‘வேண்டுகோளுக்கு இணங்க’ என்பது ‘ஆணைப்படி’ ஆகும், ‘பெயர் சூட்டினார்’ என்பது ‘நாமகரணம் செய்தார்’ ஆகும். செய்தி மட்டும் அப்படியே இருக்கும், அதிலுள்ள பிழைகளோடு.

விஜயராகவர் பட்டத்துக்கு வந்ததே 1630-களில். 1620-இல் தஞ்சையை ஆண்டவர் அவருடைய தந்தை ரகுநாத நாயக்கர். ஆக, அந்த ஆண்டும் அந்த அரசரும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து இருக்க முடியாது. பெயர் விஷயத்திலும் கோளாறு இருக்கிறது. 72 மேளங்களுக்கான கணக்கை வேங்கடமகி போட்டுக் காட்டினார். இலக்கணம் சொன்னது 19 மேளங்களுக்குத்தான். கனகாங்கி, ரத்னாங்கி என்று நாம் இன்று ஒப்பிக்கும் பட்டியல் பிற்காலத்து ‘சங்கிரக சூடாமணி’ மரபைச் சேர்ந்தது. தீட்சிதர் வழியில் வரும் கனகாம்பரி, பேனத்யுதி பட்டியலும் வேங்கடமகிக்குப் பின் வந்ததே என்பது ஆய்வாளர்கள் பலருடைய முடிவு.

இவ்வளவு நாள் இந்தப் பிழை எப்படி உயிரோடு இருக்கிறது? எழுதியவர்கள் மூல நூலைத் திறக்கவில்லை. முன்னால் எழுதியவரின் பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, அதை வேறு சொற்களில் எழுதினார்கள். இசைக் கட்டுரைகளைத் திருத்துகிறவர்களுக்கு முதல் துப்பு பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது. சரியான செய்தி இரண்டு கட்டுரைகளில் ஒன்றுபோல் இருந்தால் அதில் வியப்பில்லை. தவறான செய்தி ஒன்றுபோல், அதே வரிசையில், அதே உதாரணத்தோடு வந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அப்படியானால் பிறருடைய ஆய்வை நம் நடையில் எழுதவே கூடாதா? எழுதலாம். எழுதித்தான் ஆக வேண்டும். ஆய்வேடுகளை எல்லோரும் படிக்கப் போவதில்லை. எப்படி எழுதுவது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. அதற்காக நானே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இதை ஓர் ஆய்வாளர் தம் நூலில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“வேங்கடமகி 72 மேளங்களுக்குத் திட்டம் வகுத்தார், 72-க்கும் பெயரிடவில்லை. 19 மேளங்களை மட்டுமே அவர் விளக்கினார். மற்றவற்றை அவர் மறந்துவிடவில்லை. இனி வரப்போகும் ராகங்களுக்காக இடம் குறித்து வைத்த வரைபடம் அது. பின்வந்தோர் அந்த வெற்று மனைகளில் வீடு கட்டினார்கள்.”

இதைப் படித்த ஒருவர் தம் கட்டுரையில் இப்படி எழுதுகிறார்: “வேங்கடமகி 72 மேளங்களுக்கு ஒரு முறையை அமைத்தார்; ஆனால் அனைத்துக்கும் பெயர் சூட்டவில்லை. 19 மேளங்களை மாத்திரமே விவரித்தார். ஏனையவற்றை அவர் மறக்கவில்லை. வருங்கால ராகங்களுக்காக இடம் ஒதுக்கிய வரைபடமாக அது விளங்கியது. பிற்காலத்தவர் அந்தக் காலி மனைகளில் இல்லம் எழுப்பினர்.”

ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் மாறியிருக்கிறது. ஆனாலும் இது திருட்டுத்தான். வாக்கியங்களின் எண்ணிக்கை அதே ஐந்து. வாதம் நகரும் வரிசை அதே. வரைபடம், மனை, வீடு என்ற உருவகமும் முதல் ஆசிரியர் யோசித்துக் கண்டது. அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது எழுத்து வேலை ஆகாது.

சிலர் இதே பத்தியை எழுதி, கடைசியில் ஆய்வாளர் பெயரையும் போட்டுவிடுவார்கள். அப்போது குற்றம் பாதி குறைகிறது, முழுதாகப் போவதில்லை. வாசகர் அந்தப் பெயரைப் பார்த்ததும், கருத்து அவருடையது, சொல்லும் முறை இவருடையது என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் சொல்லும் முறையும் அவருடையதே. மேற்கோள் குறி போட்டிருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெயரைப் போடுவதும் ஒரு மறைப்புத்தான். இதைச் செய்கிறவர்களில் பலர் தாங்கள் நேர்மையாக நடந்துகொண்டதாகவே நினைக்கிறார்கள் என்பது இதில் உள்ள சங்கடம்.

இனி, ஏற்கத்தக்க ஒரு வடிவம்: “72 என்பது கணக்கில் வரும் எண். ரிஷபமும் காந்தாரமும் சேர 6 வகை, தைவதமும் நிஷாதமும் சேர 6 வகை, மத்திமம் 2 வகை, பெருக்கினால் 72. இந்தக் கணக்கைப் போட்ட வேங்கடமகியே தம் நூலில் 19 மேளங்களுக்குத்தான் இலக்கணம் தந்தார். மீதி 53-ஐ ஏன் விட்டார்? எதிர்கால ராகங்களுக்கு இடம் வேண்டும் என்று தெரிந்தே விட்டார் என்பது இன்ன ஆய்வாளர் இன்ன நூலில் முன்வைக்கும் விளக்கம். அப்போது பாட்டில் இல்லாத ஒன்றுக்கு இலக்கணம் எழுத அவருக்குத் தேவை இருந்திருக்காது என்றும் நினைக்க இடமுண்டு.”

இதில் நடந்திருப்பதைக் கவனியுங்கள். பெருக்கல் கணக்கு யாருடைய தனிச் சொத்தும் அல்ல. எந்த இசைப் பாடநூலிலும் இருப்பது. அதற்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. 19 என்பது மூல நூலில் சரிபார்க்கக்கூடிய செய்தி, அதனால் மூல நூலே சுட்டப்படுகிறது. “தெரிந்தே விட்டார்” என்பது ஒருவர் செய்த ஊகம். அதற்கு அவர் பெயர் உண்டு, அதுவும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே உண்டு. அடுத்த வாக்கியம் கட்டுரையாளரின் சொந்த எண்ணம், அவருடைய பெயருக்குக் கீழ் அது வராது. எது பொது, எது மூலம், எது அவர், எது நான் என்று வாசகர் பிரித்துப் பார்க்க முடிகிறது. உருவகத்தைத் தொடவே இல்லை. அது பிடித்திருந்தால் மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துப் போட வேண்டும், வேறு வழியில்லை.

பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பது அற்ப விஷயம்போல் தோன்றும். நீண்ட பத்தியின் முடிவில் ஓர் அடிக்குறிப்பு எண் மட்டும் இருந்தால், அது கடைசி வாக்கியத்துக்கா பத்தி முழுதுக்குமா என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகைக் கட்டுரையில் அடிக்குறிப்பே கிடையாது. ‘இன்னார் சொல்கிறார்’ என்று தொடங்கி, அவர் கருத்து முடியும் இடத்தில் ‘எனக்குப் படுவது’ என்றோ ‘மூல நூலைப் பார்த்தால்’ என்றோ எழுதிவிட்டால் எல்லை தெளிவாகிவிடும்.

கலைச்சொற்கள் வேறு கணக்கு. ‘காகலி நிஷாதம்’ என்பதற்கு மாற்றுச் சொல் தேடக் கூடாது. ‘சம்பூரணம்’, ‘ஜன்யம்’, ‘கமகம்’ எல்லாம் அப்படியே இருக்க வேண்டியவை. திருட்டுப் பட்டம் வந்துவிடுமோ என்று பயந்து கலைச்சொல்லை மாற்றுகிறவர்கள் பொருளைக் கெடுத்துவிடுகிறார்கள். ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை யார் எழுதினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்த ராகத்தில் ஒரு குறிப்பிட்ட பிடி எந்தக் கீர்த்தனையிலிருந்து வழக்குக்கு வந்தது என்று ஒருவர் ஏடுகளை ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருந்தால், அந்தக் கண்டுபிடிப்பு அவருடையது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு மயக்கம் உண்டு: ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதினால் அது நம் எழுத்து ஆகிவிடும் என்பது. மொழிபெயர்ப்பு என்று சொல்லாத மொழிபெயர்ப்பும் திருட்டுத்தான், கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம், அவ்வளவே. அமாண்டா வைட்மன் 2006-இல் வெளியிட்ட ‘சிங்கிங் தி கிளாசிக்கல், வாய்சிங் தி மாடர்ன்’ நூலை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பெயர்த்து எழுதாமல் இப்படிச் சொல்லலாம்: “கர்நாடக இசையில் குரல்தான் அசல், அது கலப்பற்றது என்ற எண்ணத்தை நாம் மிகப் பழையது என்று நினைக்கிறோம். அந்த எண்ணத்தின் இன்றைய வடிவம் காலனிய காலத்தில் உருவானது என்கிறார் வைட்மன். மேற்கிலிருந்து வந்த வயலின் பக்கவாத்தியமாக ஊன்றிப்போனதையும் அவர் இதே கதையின் பகுதியாகப் பார்க்கிறார்.” ஒரு நூலின் பெரிய வாதத்தை மூன்று வாக்கியத்தில் சுருக்கினால் அதன் வாக்கியங்களைக் கடன் வாங்கத் தேவை வராது. பக்கத்துக்குப் பக்கம் தொடர்ந்து போகும்போதுதான் தேவை வருகிறது.

கைவேலையாக ஒன்று சொல்லலாம். தவறு பெரும்பாலும் எழுதும்போது நடப்பதில்லை, குறிப்பெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. நூலகத்தில் உட்கார்ந்து வரிகளை நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். சில மாதம் கழித்துப் பார்த்தால் எது அவர் வரி, எது நம் வரி என்று நமக்கே தெரியாது. வரியை அப்படியே எடுத்தால் அந்த நேரத்திலேயே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிட வேண்டும். நம் எண்ணம் என்றால் ஓரத்தில் ‘நான்’ என்று எழுதிவிட வேண்டும். எழுத உட்காரும்போது புத்தகம் மூடியிருக்கட்டும். எழுதி முடித்த பிறகு திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், வரிசையும் வாக்கிய அமைப்பும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் இடங்கள் கண்ணில் படும். மூடி வைத்தால் எழுதவே முடியவில்லை என்றால், விஷயம் இன்னும் புரியவில்லை என்று கொள்ளலாம்.

சம்பமூர்த்தியின் நூலில் வேங்கடமகியைப் பற்றிப் படித்துவிட்டு, ‘சதுர்தண்டி பிரகாசிகை’யையே படித்ததுபோல் அதை மட்டும் சுட்டுவது நாகரிகமான ஏமாற்று. ‘சம்பமூர்த்தி எடுத்துக்காட்டும் சதுர்தண்டி பிரகாசிகை’ என்று எழுதினால் இருவருக்கும் உரியது போய்ச் சேரும், பிழை இருந்தால் எங்கே புகுந்தது என்றும் தெரியும். இந்தப் பிரச்சினை புதிதும் அல்ல. ‘சங்கீத சுதா’ என்ற நூல் ரகுநாத நாயக்கர் பெயரில்தான் வழங்குகிறது. அதை எழுதியவர் தம் தந்தை கோவிந்த தீட்சிதர் என்று மகன் வேங்கடமகி தம் நூலில் குறிப்பிடுகிறார். அரசர் பெயருக்குப் பின்னால் அமைச்சர் இருந்தார் என்று நமக்குத் தெரிவது அந்த ஒரு குறிப்பால்.

அச்சில் வராத அறிவுக்கும் இதே மரியாதை வேண்டும். ஒரு வித்வான் செயல்முறை விளக்கத்தில் சொன்ன நுணுக்கம் என்றால் அவர் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் சொல்லலாம். வகுப்பில் குரு சொன்னது என்றால் ‘இன்னாரிடம் பாடம் கேட்டபோது’ என்று ஒரு வரி போதும். ஸ்வரக்குறிப்புக்கும் இது பொருந்தும். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கெல்லாம் தனிக் குறிகள் உண்டு. அதிலுள்ள ஒரு கீர்த்தனையைக் குறிகளை நீக்கி எளிய ஸ்வரமாக எழுதி ‘ஸ்வரப்படுத்தியவர்’ என்று நம் பெயரைப் போடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ‘சம்பிரதாய பிரதர்சினி பாடத்தை ஒட்டியது, கமகக் குறிகள் நீக்கப்பட்டுள்ளன, இரண்டாவது சங்கதி என் குருவின் பாடம்’ என்று தலைப்புக்குக் கீழே போட்டால், பாடம் பண்ணுகிற மாணவருக்கு எதை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று தெரியும்.