இரண்டு சந்திரன்களும் ஒரு குறியீடும்

1935இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதுமைக்கால ஓய்வூதியம் வேண்டும் என்றால் வயதைக் காட்டியாக வேண்டும். ஆனால் அந்தத் தலைமுறையில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவர்களுடைய வயதுக்கு இருந்த ஒரு முக்கியமான எழுத்துச் சாட்சி, அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள்.

அந்த ஏடுகளில் ஒருவரைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் நின்று, காதில் விழுந்த பெயரைத் தனக்குத் தெரிந்தபடி எழுதிக்கொண்டு போயிருப்பார். ஒரே குடும்பம் ஓர் ஏட்டில் Smith, இன்னொன்றில் Smyth. அகர வரிசைப்படி தேடுகிறவருக்கு அந்த ஒற்றை எழுத்து போதும், ஆள் தொலைந்துபோக.

இதற்குக் கைகொடுத்தது ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற ஒரு முறை. அதிலிருந்து வளர்ந்ததுதான் சவுண்டெக்ஸ். 1930களின் பிற்பகுதியில், வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் 1880, 1900 ஆண்டுகளின் கணக்கெடுப்புப் பெயர்களை அட்டைகளில் எழுதி, இந்தக் குறியீட்டின்படி அடுக்கினார்கள்.

முறை மிக எளியது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எழுத்துகளில் உயிரெழுத்துகளையும் h, w, y ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். உதட்டில் பிறக்கும் b, f, p, v நான்குக்கும் எண் 1. d, t இரண்டுக்கும் 3. l என்றால் 4, m, n என்றால் 5, r என்றால் 6. c, g, j, k, q, s, x, z ஆகிய எட்டும் ஒரே கூட்டம், அதற்கு எண் 2. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒரு முறைதான் எழுத வேண்டும். மூன்று எண்கள் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம்; குறைந்தால் சுழியம் போட்டு நிரப்பலாம்.

Smith என்பதில் S நிற்கும், m 5 ஆகும், t 3 ஆகும்: S530. Smyth என்பதற்கும் அதேதான். ஜெர்மானியப் பெயரான Schmidt கூட S530 என்றே வரும். அதில் உள்ள c, முதல் எழுத்தான S-இன் கூட்டத்தைச் சேர்ந்ததால் விழுந்துவிடுகிறது. D, t இரண்டும் ஒரே 3 ஆகிவிடுகின்றன. மூன்று பெயர்களின் அட்டைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். கணினி இல்லாத காலத்தில், பென்சிலும் அட்டையும் மட்டும் கொண்டு செய்த இந்த வேலை உண்மையிலேயே வியப்புக்குரியது.

அந்த எட்டு எழுத்துக் கூட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். k-யும் s-உம் வாயில் ஒட்டாத ஒலிகள். அவை ஏன் ஒரே வீட்டில் இருக்கின்றன? ஆங்கிலத்தில் c சில இடங்களில் ‘க’, சில இடங்களில் ‘ஸ’. G சில இடங்களில் ‘ஜ’. அந்தக் குழப்பத்தைச் சமாளிக்கத்தான் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருக்கிறது. ஆக, சவுண்டெக்ஸ் ஒலியை எண்ணாக்கவில்லை. ஆங்கிலக் காது ஒலியை எழுத்தாக்கும் பழக்கத்தைத்தான் எண்ணாக்குகிறது. வேறு மொழிப் பெயர்கள் வரும்போது இது வெளிப்பட்டுவிடும்.

1980களில் கேரி மொகொடாஃப் என்ற யூத வம்சாவளி ஆய்வாளர் இதில் முட்டிக்கொண்டார். பிரிட்டிஷ் ஆட்சிக்கால பாலஸ்தீனத்தில் சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட சுமார் 28,000 பேரின் பட்டியலை அவர் தொகுத்தார். Moskowitz, Moskovitz இரண்டும் ஒரே குடும்பப் பெயர். நடுவில் உள்ள எழுத்து எதுவானாலும் உச்சரிப்பு ‘வ’தான். ஆனால் சவுண்டெக்ஸ் w-வைத் தூக்கி எறியும், v-க்கு 1 கொடுக்கும். அதனால் ஒன்று M232, மற்றது M213. அவரும் ராண்டி டேட்சும் 1985இல் புதிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். அதில் முதல் எழுத்தும் எண்ணாகிவிடும். Tz போன்ற சேர்க்கைகள் ஒரே ஒலியாக எண்ணப்படும். Ch போல இரண்டு விதமாக ஒலிக்கக்கூடியவற்றுக்கு இரண்டு குறியீடுகள் கிடைக்கும். குறியீடு ஆறு இலக்கம். இரண்டு மொஸ்கோவிட்சுகளும் 645740 என்ற எண்ணில் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, தமிழ்ப் பெயர்கள்?

சந்திரன் என்ற பெயரைச் சென்னையில் ஒருவர் Chandran என்று எழுதுவார். இலங்கைத் தமிழர் ஒருவர் Santhiran என்று எழுதலாம். சவுண்டெக்ஸ் முதலாமவருக்கு C536 தரும், இரண்டாமவருக்கு S536. எண்கள் மூன்றும் ஒன்றுதான். முதல் எழுத்து மட்டும் பிரித்துவிட்டது. பாலன் என்பவர் Balan, Palan என்று இரண்டு ஏடுகளில் இருந்தாலும் இதே கதி. பழனி இன்னும் சிக்கல். Palani என்றால் P450, Pazhani என்றால் P250. நம் ழகரத்துக்கு நாம் வைத்துக்கொண்ட zh என்ற எழுத்துக்கூட்டு அந்த விதிகளுக்குத் தெரியாது. z என்று பார்த்து s-இன் கூட்டத்தில் தள்ளிவிடுகிறது.

மறுபக்கம், ஒட்டாத பெயர்கள் ஒன்றாகின்றன. Balakrishnan, Balasaraswathi இரண்டும் B426. k-யும் s-உம் ஒரே எண் என்பதால் ஒரு வினை. மூன்று எண்களோடு நிறுத்திவிடுவதால் இன்னொரு வினை. ‘பால’, ‘முத்து’ என்று பொது முன்னொட்டில் தொடங்கும் நம் நீளமான பெயர்களுக்கு, ஆளை அடையாளம் காட்டும் பின்பாதி எண்ணுக்குள் வருவதே இல்லை. சிறிய பெயர்களில் உயிரெழுத்துதான் உயிர். அதுவும் விழுந்துவிடுவதால் Raja, Raju, Roja மூவரும் R200.

இந்த இரண்டு பிழைகளும் சமமானவை அல்ல. வேண்டாத பெயர்கள் வந்து குவிந்தால் தேடுகிறவர் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடுவார். வரவேண்டிய பெயர் வராவிட்டால் அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை என்றே நம்பிவிடுவார். தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றில் `SOUNDEX()` என்ற கட்டளை இன்றும் தயாராக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஆளுடையவை என்று ஏற்கெனவே தெரிந்த எழுத்துக்கூட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து ஓட்டிப் பார்த்து, எத்தனை ஜோடி பிரிகிறது என்று எண்ணினால்தான் கோளாறு தெரியும்.

யூதப் பெயர்களுக்கான முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? அது சந்திரனைச் சேர்த்துவிடுகிறது: ch-க்கு அது தரும் இரண்டாவது குறியீட்டின்படி இரண்டு எழுத்துக்கூட்டுமே 463960. ஆனால் பழனியில் தோற்கிறது. அங்கும் zh ஓர் உரசொலிதான். Pazhani 746000, Palani 786000. அதோடு b-க்கும் p-க்கும் ஒரே எண் என்பதால் Balan-உம் 786000 ஆகி, பழனியோடு உட்கார்ந்துவிடுகிறார்.

தமிழ்ப் பெயர்களுக்குச் செய்யக்கூடியது, குறியீடு போடும் முன் எழுத்துக்கூட்டை நம் வழக்கப்படி ஒருமுறை சீராக்குவது. zh, l ஆகட்டும்; பெயரின் முதலில் வரும் ch, s ஆகட்டும்; b-யை p-யோடும் g-யை k-யோடும் சேர்க்கலாம். தமிழ் எழுத்து ‘ப’ ஒன்றுக்குள்ளும் ‘க’ ஒன்றுக்குள்ளும் இதைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறது. இப்படிச் சீராக்கினால் சவுண்டெக்ஸிலேயே சந்திரன்கள் இருவரும் S536, பழனிகள் இருவரும் P450. கூடவே பாலனும் P450 ஆகிவிடுவார். வலையை அகலமாக விரித்தால் அந்தக் கூட்டமும் வரத்தான் செய்யும். அதைப் பிரிக்கப் பிறந்த ஆண்டு, ஊர், தலைப்பெழுத்து ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். தலைப்பெழுத்தை விரித்து எழுதும் கடவுச்சீட்டு போன்ற ஆவணங்களில் தகப்பன் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அதனால் இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனியே குறியீடு போட்டு, முறை மாற்றியும் தேட வேண்டும்.