சூரைச் செடியின் கீழ் எடுக்கக்கூடாத முடிவு



அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியாவைக் களைத்துப்போன மனிதராகப் பார்க்கிறோம். கார்மேல் மலையில் வெற்றி கண்டவர் அவர். ஆனாலும் அரசி ஈசபேலின் மிரட்டலைக் கேட்டதும் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, இனிப் போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். கடவுள் அப்போது அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எலியா தூங்குகிறார், வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடியும் தூங்குகிறார், மறுபடியும் உணவு வருகிறது. அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை, அதன் பிறகுதான் ஒரேபு மலை, "இங்கே உனக்கு என்ன வேலை" என்ற பொருளில் ஆண்டவர் கேட்கும் கேள்வி. அந்தச் சந்திப்பும் மலையோடு முடிவதில்லை. வந்த வழியே திரும்பிப் போ என்று கட்டளை வருகிறது. கூடவே எலிசா என்ற துணையாளும் கிடைக்கிறார்.

முதலில் உடல், அடுத்து கேள்வி, கடைசியில் திரும்பிப் போதல் என்ற இந்த வரிசையை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் நம்மில் பலர் இந்தச் செடியின் கீழ் வந்து உட்காருகிறோம். இருபது ஆண்டுகளாகச் செய்த வேலை கசக்கிறது, திருப்பலியில் வாய் மட்டும் பதில் சொல்கிறது, இவ்வளவும் எதற்காக என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அது நல்ல கேள்விதான். கடவுளே கேட்க வைக்கும் கேள்வியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு எந்த நேரத்தில் பதில் எழுதுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

புனித இஞ்ஞாசியார் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு ஒரு விதி தருகிறார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஏற்பளித்த நூல் அது. மனம் இருண்டு, சோர்ந்து, கடவுள் எங்கோ போய்விட்டார் என்று தோன்றும் நிலையை அவர் ஆன்ம வறட்சி என்கிறார். அந்த வறட்சியில் இருக்கும்போது முன்பு தெளிவாக எடுத்த முடிவுகள் எதையும் மாற்றக்கூடாது என்பதே விதி. நல்ல ஆவி நம்மை வழிநடத்தும் நேரம் வேறு, சோர்வு நமக்கு ஆலோசனை சொல்லும் நேரம் வேறு. முடிவை மாற்றாமல் இருப்பது என்றால் கைகட்டி உட்கார்ந்திருப்பது என்று பொருள் அல்ல என்பதையும் அடுத்த விதியில் சொல்கிறார். முடிவை மாற்றாதே, ஆனால் உன்னை மாற்றிக்கொள்; சற்றுக் கூடுதலாகச் செபி, உன்னையே சற்று ஆழமாக ஆய்ந்து பார் என்கிறார்.

நம் பங்கில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 47. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளர். மனைவி பள்ளி ஆசிரியை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. வழுக்கி விழுந்த அம்மா படுத்த படுக்கை. வீட்டுக் கடன் முடிய இன்னும் ஒன்பது ஆண்டுகள். அன்பியப் பொறுப்பாளர், பங்குப் பேரவை உறுப்பினர், வின்சென்ட் தே பவுல் சபையின் பொருளாளர். ஞாயிறு மாலை வந்தாலே அவருக்கு வயிறு பிசைகிறது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஏதாவது ஓர் ஆசிரமத்தில் போய் இருந்துவிடலாமா என்று நினைக்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

எலியாவுக்கு அப்பம் வந்ததுபோல, இவருக்கும் முதல் வேலை உடலைப் பார்ப்பதுதான். இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். வேலைச் சோர்வு என்பது வேலையோடு ஒட்டியது. வேலையிலிருந்து விலகியிருக்கும் நாள்களில் ஓரளவாவது இறங்கும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலுமே நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, சாவைப் பற்றிய எண்ணம் வந்தால், அதை ஆன்மீக வறட்சி என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. மருந்து எடுத்துக்கொள்வது விசுவாசக் குறைவு அல்ல. வானதூதர் எலியாவிடம் செபமாலையோடு வரவில்லை, அப்பத்தோடுதான் வந்தார்.

இரண்டாவது வேலை, மனைவியிடம் சொல்வது. முடிவெடுத்த பிறகு அறிவிப்பதாக அது இருக்கக் கூடாது. எனக்கு இப்படி இருக்கிறது என்று நிலைமையை மட்டும் சொன்னால் போதும். மறைத்து வைக்கும் ஆன்மீகத் தேடல் வீட்டில் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

மூன்றாவதாக ஒரு தாளை எடுத்துக்கொள்ளட்டும். மாற்ற முடியாத வாழ்க்கைத் தேர்வுகள் உண்டு, மாற்றக்கூடியவையும் உண்டு என்று இஞ்ஞாசியார் பிரிக்கிறார். திருமணமும் குருத்துவமும் முதல் வகை. அவற்றை மறுபடியும் தேர்ந்தெடுக்க முடியாது, நன்றாக வாழ மட்டுமே முடியும். நம் நண்பர் ஒரு பக்கத்தில் மனைவி, பிள்ளைகள், அம்மா என்று எழுதுவார். இன்னொரு பக்கத்தில் இந்த நிறுவனம், இந்தப் பதவி, மூன்று பங்குப் பொறுப்புகள் என்று எழுதுவார். இதுவரை ஒரே மூட்டையாகத் தோளில் அழுத்தியது இப்போது இரண்டாகப் பிரிகிறது. தூக்கிப் போட நினைத்ததில் பாதி போடக்கூடாதது என்பது தெரிகிறது. மீதியில் சிலவற்றை இந்த மாதமே இறக்கிவைக்கலாம் என்பதும் தெரிகிறது. பங்குப் பொறுப்பு இரண்டை அவர் விட்டுக்கொடுக்க முன்வந்தால் பங்குக் குருக்களாகிய நாம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேடலுக்கு நேரம் எங்கே? முப்பது நாள் தனித்தியானம் இவரால் முடியாது. இஞ்ஞாசியார் இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். நூலின் முன்குறிப்புகள் இருபதில் பத்தொன்பதாவது, பொதுப் பணிகளிலும் அலுவல்களிலும் மூழ்கியிருப்பவருக்கானது. அவர் வீட்டையும் வேலையையும் விடாமல், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அதே பயிற்சிகளைப் பல மாதங்களில் செய்யலாம். நம் நண்பருக்கு ஒன்றரை மணி நேரமும் அதிகம். அம்மா விழிப்பதற்கு முன், காலை 5.15 முதல் 5.45 வரை அரை மணி நேரம் என்று தொடங்கட்டும். மனைவியோடு பேசி வைத்த நேரமாக அது இருக்கட்டும்.

ஒரு வாரம் முழுவதும் ஒரே நற்செய்திப் பகுதி போதும். மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் வரும் பார்த்திமேயுவின் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். தனக்கு என்ன வேண்டும் என்று இயேசு அந்தப் பார்வையற்றவரிடம் கேட்கிறார். அதே கேள்வியை நம்மிடம் கேட்க விட்டு அமைதியாக இருப்பதே தியானம். எதுவும் தோன்றாத நாளிலும் அரை மணி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. பிறகு நோட்டில் மூன்று வரி. இரவில் பத்து நிமிடம் ஆன்ம ஆய்வு: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, காலைமுதல் நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் அந்த நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். மகளின் தேர்வு முடிந்ததும், அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கையை ஏற்பாடு செய்துவிட்டு, மூன்று நாள் தியான இல்லத்துக்குப் போகலாம்.

ஆறு மாதம் சென்று நோட்டைப் புரட்டினால் என்ன தெரியும்? வறண்ட நாள்கள் பெரும்பாலும் மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் வாரத்தில் வந்திருக்கலாம். புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த நாள்களில் அமைதி இருந்திருக்கலாம். அப்போது அவரது கேள்வி, வேலையா ஆசிரமமா என்பதிலிருந்து மாறிவிடும். இதே நிறுவனத்தில் பயிற்சிப் பொறுப்பைக் கேட்பதா, சம்பளம் குறைந்தால் கடன் தவணைக்கு என்ன செய்வது என்பது புதிய கேள்வி. அதை மனம் கலங்காத ஒரு நாளில் எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்துக்கென்று இஞ்ஞாசியார் சில வழிகள் சொல்கிறார். இரண்டு பக்கத்து நன்மை தீமைகளையும் எடைபோடு. முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலையில் வந்தால் அவருக்கு என்ன சொல்வாய் என்று பார். சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவாய் என்று பார். இவ்வளவுக்குப் பிறகும் வேலையை விடத்தான் வேண்டும் என்று தெளிந்தால் விடலாம். அது அப்போது ஓட்டமாக இருக்காது.

புனிதர்களே குடும்பத்தை விட்டுப் போகவில்லையா என்று சிலர் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தின் புனித ஃப்ளூ நிக்கோலாஸ் 1467-இல், ஐம்பது வயதில், மனைவி டொரத்தேயாவையும் பத்துப் பிள்ளைகளையும் விட்டுப் புறப்பட்டது உண்மைதான். விவசாயி, நீதிபதி, மன்ற உறுப்பினர் என்று இருந்து உள்ளம் நொந்தவர் அவர். ஆனால் மனைவியின் சம்மதத்துக்காகக் காத்திருந்தார். நிலத்தைப் பார்க்க வளர்ந்த மகன்கள் இருந்தார்கள். தொலைதூரம் போக எண்ணிப் புறப்பட்டவர், வழியில் ஒரு விவசாயி ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னதைக் கேட்டுத் திரும்பினார். சொந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ரான்ஃப்ட் பள்ளத்தாக்கிலேயே இருபது ஆண்டுகள் தவமிருந்தார். கைக்குழந்தையோடு நின்ற டொரத்தேயா சுமந்த சிலுவையையும் நாம் மறக்கக் கூடாது. 1947-இல் புனிதர் பட்டம் பெற்ற அவருடைய வாழ்வு தனிப்பட்ட அழைப்பு. அதை நமக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. பெற்றோருக்குத் தர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கான காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

தேடல் சரியான வழியில் போகிறதா என்பதை வீட்டாரே முதலில் கண்டுபிடிப்பார்கள். செபித்துவிட்டு எழுந்தவருக்கு அம்மாவின் அழைப்பு எரிச்சலாக இருந்தால், பணம் மனைவிக்குத் தெரியாமல் ஏதோ ஒரு குழுவுக்குப் போனால், வீட்டாரை விட்டு விலகு என்று ஒரு வழிகாட்டி அவசரப்படுத்தினால், அங்கேயே நின்றுவிட வேண்டும். அம்மாவுக்குப் படுக்கை மாற்றும்போது முன்பைவிடப் பொறுமை வருகிறது, மகளோடு பேச நேரம் கிடைக்கிறது என்றால் தொடரலாம்.

இந்த வாரம் ஒருநாள் மாலை அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை வீட்டில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாசிப்போம். நம்மில் யார் இப்போது சூரைச் செடியின் கீழ் இருக்கிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்போம். செடியின் கீழ் இருப்பவருக்கு முதலில் அப்பத்தைக் கொடுப்போம். ஆமென்.