பத்தைச் சொன்னால் ஒன்பதில் நிற்கும் லூப்

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்பில் பைத்தான் படிக்க வருகிறவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்படும் பயிற்சிகளில் ஒன்று வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டைத் திரையில் வரவழைக்க வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை என்பதால் மாணவர் ஒன்றையும் பத்தையும் கொடுத்து இப்படி எழுதுகிறார்:

```python
for i in range(1, 10):
    print(i, "x 7 =", i * 7)
```

திரையில் 7, 14, 21 என்று ஒழுங்காக வருகிறது. ஆனால் கடைசி வரி `9 x 7 = 63`. எழுபதைக் காணோம்.

நிரல் எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அடைப்புக்குறியை விட்டுவிட்டாலோ பெயரைத் தவறாக எழுதினாலோ பைத்தான் உடனே பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். இங்கே அப்படி எதுவும் நடக்காது. ஏனென்றால் மொழியின் கணக்குப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. வாய்ப்பாட்டில் ஒரு வரி குறைந்தால் கண்ணில் பட்டுவிடும். 1 முதல் 100 வரை கூட்டச் சொல்லும் பயிற்சியில் அப்படிப் படாது. `range(1, 100)` என்று எழுதினால் 4950 என்று விடை வரும், வரவேண்டியது 5050. சரியான விடையை முன்பே அறியாதவருக்கு 4950-இல் சந்தேகப்பட எதுவும் இல்லை.

`range`-க்குக் கொடுக்கும் இரண்டாவது எண் கடைசி எண் அன்று, எல்லை. அதைத் தொடுவதற்கு முன்பே லூப் நின்றுவிடும். ஒவ்வொரு எண்ணையும் வெளியே கொடுப்பதற்கு முன், அது எல்லையைவிடச் சிறியதா என்ற ஒரே கேள்விதான் அங்கே இருக்கிறது. ஒன்பது பத்தைவிடச் சிறியது, ஆகவே வெளியே வருகிறது. பத்து பத்தைவிடச் சிறியதல்ல. அதோடு லூப் முடிந்தது. பத்தும் வேண்டுமென்றால் `range(1, 11)` என்று எழுத வேண்டும். லூப் முடிந்த பிறகு `i` எவ்வளவு என்று அச்சிட்டுப் பார்த்தாலும் இது தெரியும்: முதலில் எழுதிய நிரலில் 9 என்றே இருக்கும். பத்து என்ற மதிப்பு `i`-க்குள் ஒருபோதும் நுழைந்ததில்லை.

எல்லா மொழிகளும் இப்படி இல்லை. பேசிக் மொழியில் `FOR I = 1 TO 10` என்றால் பத்தும் சேர்த்திதான். பாஸ்கலிலும் ஃபோர்ட்ரானிலும் அப்படியே. முன்பு அவற்றைப் படித்துவிட்டுப் பைத்தானுக்கு வருகிறவர்கள் புதியவர்களைவிடக் கூடுதலாகத் தடுமாறுவதில் வியப்பில்லை.

பைத்தான் ஏன் இந்த வழியைப் பிடித்துக்கொண்டது? துணிக்கடையில் டேப்பை விரித்து வெட்டுவதை நினைத்துக்கொண்டால் எளிதில் பிடிபடும். மூன்று மீட்டர் குறியில் ஒரு வெட்டு, ஏழு மீட்டர் குறியில் ஒரு வெட்டு. கையில் கிடைக்கும் துண்டு ஏழில் மூன்று போக நான்கு மீட்டர். அடுத்த துண்டு அதே ஏழாவது குறியில் தொடங்கும். இடையில் ஒரு நூல்கூட வீணாவதில்லை, இரண்டு துண்டிலும் சேருவதுமில்லை. `range(3, 7)` தருவதும் 3, 4, 5, 6 என்ற நான்கு எண்களையே. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் லூப் எத்தனை முறை சுற்றும் என்பது வந்துவிடுகிறது.

ஒரு கடையின் முப்பது நாள் விற்பனை `sales` என்ற பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைத்தானில் பட்டியலின் முதல் இடத்துக்கு எண் 0, ஆகவே கடைசி இடம் 29. மாதத்தை இரு பாதியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும்.

```python
first = 0
for i in range(0, 15):
    first = first + sales[i]

second = 0
for i in range(15, 30):
    second = second + sales[i]
```

முதல் லூப் 0 முதல் 14 வரை, இரண்டாவது 15 முதல் 29 வரை. இரண்டிலும் 15 என்ற ஒரே எண் வருகிறது. அதுதான் வெட்டு விழும் இடம். கடைசி எண்ணும் சேர்த்தி என்ற விதி இருந்தால் முதலாவதை 14-இல் முடித்து, அடுத்ததை 15-இல் தொடங்க வேண்டும். இரண்டிலும் 15 என்று கைதவறி எழுதினால் பதினாறாம் நாள் விற்பனை இருமுறை கூடிவிடும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 ஆகஸ்டில் எழுதிய சிறு குறிப்பு ஒன்று இதைத்தான் பேசுகிறது. 2 முதல் 12 வரையுள்ள எண்களைக் குறிக்க நான்கு வழிகளை அவர் எடுத்துக்கொண்டார். தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்கும் வழியே சிறந்தது என்று முடிவுகட்டினார். ஜெராக்ஸ் நிறுவன ஆய்வகத்தின் மீசா மொழியில் நான்கு வழிக்கும் தனித்தனிக் குறியீடு இருந்ததையும், மற்ற மூன்றையும் பயன்படுத்தியதில் தவறுகள் தொடர்ந்து நேர்ந்ததையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் நெதர்லாந்துக்காரர். பட்டியலைத் துண்டுபோடும் வசதி இந்த முறையில் அழகாக அமைந்ததே தன்னை ஈர்த்தது என்று 2013-இல் அவர் எழுதியிருக்கிறார்.

காரணம் புரிந்த பிறகும் ஒரு பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். 'கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டு' என்று மனப்பாடம் செய்தவர்கள், எண்ணைத் தலைகீழாக இறக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்க வேண்டும் என்றால் எழுத வேண்டியது இது:

```python
for i in range(10, 0, -1):
    print(i)
```

மூன்றாவதாக உள்ள -1, ஒவ்வோர் அடியிலும் ஒன்று குறைக்கச் சொல்கிறது. இறங்கும்போது எல்லை கீழே இருப்பதால், ஒன்றும் வர வேண்டுமானால் எல்லையை ஒன்று குறைத்து 0 என்று வைக்க வேண்டும். பழக்கத்தில் ஒன்றைக் கூட்டி `range(10, 2, -1)` என்று எழுதினால் எண்கள் மூன்றிலேயே நின்றுவிடும். அந்த -1-ஐ மறந்து `range(10, 0)` என்று எழுதினால் லூப் ஒருமுறைகூடச் சுற்றாது. அப்போதும் பிழைச் செய்தி கிடையாது.

சந்தேகம் வந்தால் தீர்க்க ஒரே வரி போதும். `print(list(range(10, 0, -1)))` என்று தட்டினால் வரப்போகும் எண்கள் எல்லாம் வரிசையாகத் திரையில் தெரியும். பெரிய எண்களுக்கு `len(range(1, 100))` என்று கேட்கலாம். 99 என்று பதில் வரும், ஒன்று குறைவது அங்கேயே பிடிபடும்.

பைத்தானுக்குள்ளேயே ஒரு விலக்கு இருப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பகடை விளையாட்டு எழுதுகிறவர்கள் `random.randint(1, 6)` என்று பயன்படுத்துவார்கள். அதில் ஆறும் விழும். `range`-இன் விதியை நினைத்து அங்கே 7 என்று எழுதினால், ஏழு புள்ளி கொண்ட பகடை கிடைக்கும். `range` போலவே எல்லையை விலக்கும் கட்டளை வேண்டுமென்றால் அதற்கு `random.randrange(1, 7)` தனியாக இருக்கிறது.