345 ரூபாய்க்குப் போகாத கூப்பன்

"சைட் ஓடலை தம்பி, உடனே பாருங்க." இணையக் கடை நடத்துபவர்கள் டெவலப்பருக்கு அனுப்பும் புகார் பெரும்பாலும் இவ்வளவுதான். அவர் தன் லேப்டாப்பில் கடையைத் திறந்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக ஓடும். "இங்க ஓடுதே அண்ணாச்சி" என்று பதில் வரும். இருவர் சொல்வதும் உண்மை. தகராறே அங்குதான் தொடங்குகிறது.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் விற்கும் ஒருவர் அதே புகாரை இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"தம்பி, 345 ரூபாய்க்கு மிட்டாய் எடுத்து, ஏழரை சதவீதக் கூப்பன் போட்டேன். மொத்தம் ₹319.13னு காட்டுச்சு. பணம் கட்டுற பட்டனை அழுத்தினா யுபிஐ பக்கம் திறக்கணும். திறக்கலை, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. கூப்பனை எடுத்துட்டா போகுது. அதே கூப்பனோட 400 ரூபாய்க்கு எடுத்தாலும் போகுது. என் போன், கடைப் பையன் போன் ரெண்டுலயும் இதே கதைதான். பேமென்ட் கேட்வே கணக்குல இதுக்குப் பதிவே இல்லை. கூப்பன் நேத்துதான் போட்டோம்."

இதில் இரண்டு தகவல்கள் பொன்னானவை. கேட்வேயில் பதிவு இல்லை என்றால் யார் பணமும் பிடிக்கப்படவில்லை. வங்கியையோ யுபிஐயையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. கோளாறு அதற்கு முன்பே நடக்கிறது.

மற்றொன்று, 400 போகிறது, 345 போகவில்லை என்பது. 400-இல் ஏழரை சதவீதம் சரியாக 30 ரூபாய். 345-இல் அது ₹25.875, கழித்தால் ₹319.125. திரை அதை ₹319.13 என்று முழுமையாக்கிக் காட்டிவிடுகிறது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் பல கேட்வேக்கள் தொகையைப் பைசாவில், அதுவும் முழு எண்ணாகத்தான் வாங்கும். இங்கே போய்ச் சேருவது 31912.5 பைசா. அரைப் பைசாவை ஏற்காமல் கேட்வே திருப்பி அனுப்புகிறது. அந்த மறுப்பை வாங்கிக்கொள்ள நிரலில் ஏற்பாடு இல்லாததால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மருந்து ஒரே வரி:

```
amount = Math.round(total * 100)
```

கடைக்காரர் "சர்வர் ஸ்லோ" என்று தன் முடிவை மட்டும் எழுதியிருந்தால், டெவலப்பர் சம்பந்தமே இல்லாத இடத்தைக் கிளறிக்கொண்டிருப்பார். புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம் 1999-இல் எழுதிய கட்டுரையிலும் இதைத்தான் வலியுறுத்துகிறார்: நடந்ததை நடந்தபடி முதலில் எழுத வேண்டும், ஊகத்தைத் தனியே வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பலாம், ஆனால் வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் அதில் தெரியக்கூடாது. ஓடிபி, கார்டு எண் எதுவும் எந்த டெவலப்பருக்கும் தேவைப்படாது.

சரிசெய்யும்வரை கூப்பனைச் சதவீதத்திலிருந்து 25 ரூபாய் தள்ளுபடி என்று மாற்றி வைத்தால் விற்பனை நிற்காது. சரிசெய்த பிறகு சோதித்துப் பார்க்க வேண்டியது 400 ரூபாய்க் கூடையை அல்ல, ஏழரை சதவீதக் கூப்பனோடு அதே 345-ஐ.